மொழிபெயர்ப்புச் சிறுகதையைத் திருத்துவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழில் நாம் படிக்கும் ருஷ்யக் கதைகளில் பல ஆங்கிலம் வழியாக வந்தவை. அதனால் திருத்துகிறவரின் மேசைக்கு வரும் பிரதியில் மூன்று மொழிகளின் தடம் இருக்கும். பொதுவாகப் பேசினால் எதுவும் பிடிபடாது என்பதால் இந்தப் பக்கம் முழுக்க ஒரே கதையை வைத்துப் பேசுகிறேன்: அந்தோன் செகாவ் 1886இல் எழுதிய ‘தஸ்கா’. காண்ஸ்டன்ஸ் கார்னெட்டின் ஆங்கிலத்தில் அதன் பெயர் ‘மிசரி’. பீட்டர்ஸ்பர்க் நகரத்து வண்டிக்காரன் இயோனாவின் மகன் அந்த வாரம்தான் செத்திருக்கிறான். அதை யாரிடமாவது சொல்லிவிட நினைக்கிறான், யாரும் காது கொடுப்பதில்லை. கடைசியில் தன் குதிரையிடம் சொல்கிறான். கதை அவ்வளவுதான். கீழே ‘வந்த பிரதி’ என்று நான் காட்டுபவை, ஆங்கிலம் வழி வரும் பிரதிகளில் வழக்கமாகப் பார்க்கும் பிழைகளைக் காட்ட நானே எழுதிய மாதிரிகள்.

பிரதி கைக்கு வந்ததும் முதலில் என்ன செய்வீர்கள்? ஆங்கிலத்தோடு ஒப்பிடுவதா?

இல்லை. முதல் வாசிப்பில் ஆங்கிலம் பக்கத்திலேயே இருக்கக் கூடாது. ஆங்கிலம் கண்ணில் பட்டுவிட்டால் மோசமான தமிழ் வாக்கியமும் புரிந்துவிடும். புரிந்ததும் சரியாக இருப்பதாகத் தோன்றிவிடும். தமிழை மட்டும் வாய்விட்டுப் படியுங்கள். மூச்சு இடறும் இடம், யார் செய்தது என்று திரும்பிப் பார்க்க வேண்டிய இடம், பேச்சு பேச்சாகக் கேட்காத இடம் எல்லாவற்றிலும் ஓரத்தில் ஒரு கோடு போதும். அப்போதே திருத்தத் தொடங்காதீர்கள். முழுக் கதையும் காதில் விழுந்த பிறகுதான் எது இந்த ஆசிரியரின் முரண்டு, எது ஆங்கிலத்தின் முரண்டு என்று பிரிக்க முடியும்.

மொழிபெயர்ப்பு வாடை என்கிறார்களே, அதை எதை வைத்துக் கண்டுபிடிப்பது?

கதையின் தொடக்கத்தையே எடுத்துக்கொள்வோம். வந்த பிரதி:

“மாலை நேரத்தின் அந்தி. சற்று முன்னர்தான் ஏற்றப்பட்ட தெருவிளக்குகளைச் சுற்றிச் சோம்பேறித்தனமாகச் சுழன்றுகொண்டிருக்கும் பெரிய ஈரமான பனித்துகள்கள், கூரைகள், குதிரைகளின் முதுகுகள், தோள்கள் மற்றும் தொப்பிகளின் மீது ஒரு மெல்லிய, மென்மையான அடுக்காகப் படிந்துகொண்டிருக்கின்றன. பனிச்சறுக்கு வண்டி ஓட்டுநரான ஐயோனா பொட்டாபோவ் ஒரு பேயைப் போல முற்றிலும் வெண்மையாக இருக்கிறான்.”

தகவல் எதுவும் தவறில்லை. ஆனால் தமிழில் யாரும் இப்படிப் பார்ப்பதில்லை. ‘முதுகுகள், தோள்கள்’ என்று அஃறிணைக்கெல்லாம் ‘கள்’ போடுவது, தேவையில்லாத ‘ஒரு’, பட்டியலின் கடைசியில் ‘மற்றும்’, ‘ஏற்றப்பட்ட’ என்ற செயப்பாட்டு வினை, எல்லா வினையிலும் ‘கொண்டிருக்கிறது’. இவையெல்லாம் ஆங்கில இலக்கணம் கேட்கிறவை, தமிழ் கேட்காதவை. பெயரும் ஆங்கில எழுத்துக்கூட்டலை வாசித்ததால் வந்தது. ருஷ்யனில் அவன் இயோனா, தமிழ் வேதாகமத்து யோனாவின் பெயர்.

இவற்றைத் தேடிப்பிடித்து நீக்குவது எளிது, அரை நாள் வேலை. பெரிய பழுது வேறு இடத்தில் இருக்கிறது: காட்சியின் வரிசை. செகாவிடம் முதலில் பனி விழுகிறது, அது விளக்கைச் சுற்றிச் சுழல்கிறது, பிறகு கூரை, குதிரை, தோள், தொப்பி என்று மனிதனிடம் வருகிறது. அடுத்த வாக்கியத்தில் இயோனா. வந்த பிரதியிலோ விளக்குகள் முன்னால் வந்துவிட்டன. சுழல்வது ‘சுழன்றுகொண்டிருக்கும்’ என்று பனிக்கு ஓர் அடைமொழியாகச் சுருங்கிவிட்டது. அங்கே பனி எதையும் செய்யவில்லை. திருத்தியது:

“அந்தி இருட்டு. ஈரப்பனி பெரிது பெரிதாக, அப்போதுதான் ஏற்றிய தெருவிளக்குகளைச் சுற்றிச் சாவகாசமாகச் சுழன்று, கூரையில், குதிரை முதுகில், தோளில், தொப்பியில் மெத்தென்று மெல்லிசாகப் படிகிறது. வண்டிக்காரன் இயோனா பொத்தாப்பவ் பேய் மாதிரி முழுக்க வெள்ளை. உயிருள்ள உடம்பு எவ்வளவு குனிய முடியுமோ அவ்வளவு குனிந்து, அசையாமல் உட்கார்ந்திருக்கிறான்.”

‘கூரையில், முதுகில், தோளில், தொப்பியில்’ என்ற அடுக்கில் ‘மற்றும்’ இல்லை. மூலத்திலும் அந்தப் பட்டியலின் முடிவில் இணைப்புச் சொல் கிடையாது. ‘முழுக்க வெள்ளை’ என்பதில் வினை இல்லை; மூலத்திலும் இல்லை. ‘அந்தி இருட்டு’ என்று வினையில்லாமல் தொடங்குவதும் செகாவ் செய்ததுதான். ‘முழுக்க வெள்ளை’ என்பதைச் சொல்ல ஆங்கிலத்துக்கு ஓர் ‘இஸ்’ வேண்டும். ருஷ்யனுக்கும் தமிழுக்கும் வேண்டாம்.

நீளமான வாக்கியத்தையெல்லாம் உடைத்துவிடலாமா?

உடைப்பதற்கு முன் ஒன்றைச் செய்து பாருங்கள். வாக்கியத்தில் இருக்கும் பெயரெச்சங்களை வினையெச்சமாக மாற்றுங்கள். ‘சுழன்றுகொண்டிருக்கும் பனி’ என்பது பெயரெச்சம். அது செயலைப் பெயருக்கு முன்னால் கட்டிவைத்துவிடுகிறது. ‘பனி சுழன்று படிகிறது’ என்பது வினையெச்சம். ஒன்றன்பின் ஒன்றாக நடப்பதை அதே வரிசையில் சொல்கிறது. ஆங்கிலத்தில் ‘விச்’, ‘ஹூ’ என்று பின்னால் தொங்கும் துணைவாக்கியங்களைத் தமிழில் பெயரெச்சமாக முன்னால் இழுத்து வைப்பது மொழிபெயர்ப்பாளர்களின் கைப்பழக்கம். இரண்டு பெயரெச்சம் அடுத்தடுத்து வந்தாலே வாசகர் எழுவாயைத் தேட ஆரம்பித்துவிடுவார்.

வினையெச்சமாக மாற்றியும் மூச்சு முட்டினால் உடைக்கலாம். ஆனால் ஒரு பத்தியில் ஆசிரியர் ஒரு நீள வாக்கியமும் இரண்டு குட்டி வாக்கியமும் வைத்திருந்தால், திருத்திய பிரதியிலும் அந்த ஏற்ற இறக்கம் தெரிய வேண்டும். எல்லாவற்றையும் ஆறேழு சொல் வாக்கியங்களாக நறுக்கினால் படிக்கச் சுலபமாக இருக்கும், செகாவ் இருக்க மாட்டார்.

எனக்கு ருஷ்யன் தெரியாது. மூலத்தின் தாளத்தை நான் எப்படித் திருத்துவது?

தாளத்தில் பாதி, மொழி தெரியாமலே கண்ணுக்குத் தெரியும். செகாவின் ருஷ்ய மூலம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பத்தி எங்கே முடிகிறது, வாக்கியம் எவ்வளவு நீளம், முற்றுப்புள்ளியா மூன்று புள்ளியா, கேள்விக்குறியா, ஒரே சொல் அடுத்தடுத்த வாக்கியங்களின் தலையில் வருகிறதா என்பதையெல்லாம் பார்க்கலாம். சிரிலிக் எழுத்துகளைப் படிக்கக் கற்றுக்கொள்ள அதிக நாள் பிடிக்காது. கற்றுக்கொண்டால் பெயர்களையும் திரும்ப வரும் சொற்களையும் நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள். ருஷ்யர் யாராவது கதையை வாசித்த ஒலிப்பதிவு கிடைத்தால் கேளுங்கள். அர்த்தம் புரியாவிட்டாலும் எங்கே நிறுத்துகிறார், எங்கே விரைகிறார் என்று புரியும்.

இரண்டாவது துணை, இன்னோர் ஆங்கில மொழிபெயர்ப்பு. இரண்டு மொழிபெயர்ப்பாளர்கள் ஒரே விசித்திரமான அமைப்பை வைத்திருந்தால் அது பெரும்பாலும் மூலத்தில் இருக்கிறது. ஒருவரிடம் மட்டும் இருந்தால் சந்தேகப்படுங்கள்.

இதற்கு ஓர் எல்லை உண்டு. நிறுத்தம், வரிசை, திரும்ப வருதல் ஆகியவற்றை இப்படிச் சரிசெய்யலாம். பொருளைத் தொடும் எந்த மாற்றத்தையும் ருஷ்யன் தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் செய்யாதீர்கள். நாற்பது கேள்வியாகச் சேர்த்து வைத்து ஒரே மாலையில் கேட்டால் உதவ ஆள் கிடைப்பார்.

தமிழாகவும் இருக்க வேண்டும், செகாவாகவும் இருக்க வேண்டும் என்றால் இரண்டும் முட்டிக்கொள்ளாதா?

சில இடங்களில் முட்டும். ஆனால் நடுவில் நிற்கும் ஆங்கிலத்தை எடுத்துவிட்டால் தமிழும் ருஷ்யனும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதை எத்தனையோ முறை பார்க்கலாம். இந்தக் கதையிலேயே அதற்கு மிக அழகான இடம் ஒன்று இருக்கிறது. இயோனா தன் மனதுக்குள் பேச்சை ஒத்திகை பார்க்கும் பத்தி. வந்த பிரதி:

“அவன் அதைப் பற்றி முறையாக, நிதானத்துடன் பேச விரும்புகிறான். தன்னுடைய மகன் எவ்வாறு நோய்வாய்ப்பட்டான், அவன் எவ்வாறு துன்புற்றான், இறப்பதற்கு முன்பு அவன் என்ன கூறினான், அவன் எவ்வாறு இறந்தான் என்பதை அவன் சொல்ல விரும்புகிறான். இறுதிச்சடங்கையும், தன்னுடைய மகனின் ஆடைகளைப் பெறுவதற்காக மருத்துவமனைக்குச் சென்றதையும் அவன் விவரிக்க விரும்புகிறான்.”

கார்னெட் ‘ஹீ வான்ட்ஸ்’ என்று எழுதியதால் ‘அவன் விரும்புகிறான்’ வந்தது. ஆனால் செகாவ் ‘அவன் விரும்புகிறான்’ என்று எழுதவில்லை. இரண்டு வாக்கியம் ‘நாத’ என்று தொடங்குகிறது, அப்புறம் அதே பொருளில் ‘நூஷ்ன’ என்று இரண்டு முறை. இரண்டுக்கும் பொருள் ‘வேண்டும்’. எழுவாய் இல்லாத ‘வேண்டும்’. யாருக்கு வேண்டும் என்று சொல்ல வேண்டியதில்லை. இது ஆசையைவிடக் கடமைக்குப் பக்கத்தில் நிற்கிறது. செத்தவனுக்குச் செய்ய வேண்டிய ஒன்றை இன்னும் செய்யாமல் இருக்கிற தவிப்பு. ஆங்கிலத்துக்கு ஓர் எழுவாய் தேவைப்பட்டதால் அந்தத் தவிப்பு ஆசையாகிவிட்டது. தமிழுக்கோ இந்த வாக்கியம் பிறவியிலேயே உண்டு:

“நிதானமாக, நிறுத்தி நிறுத்திப் பேச வேண்டும்... மகனுக்கு எப்படி நோவு கண்டது, எப்படிப் பாடுபட்டான், சாகும் முன் என்ன சொன்னான், எப்படிச் செத்தான், எல்லாம் சொல்ல வேண்டும்... அடக்கம் செய்ததை, செத்தவனின் துணிமணி வாங்க ஆஸ்பத்திரிக்குப் போனதை விவரமாகச் சொல்ல வேண்டும். ஊரில் மகள் அனீஸ்யா இருக்கிறாள்... அவளைப் பற்றியும் பேச வேண்டும்...”

ருஷ்யனில் வாக்கியத்தின் தலையில் அடிக்கும் அடி, தமிழில் வாலில் அடிக்கிறது. இடம் மாறினாலும் அடி விழுகிறது. ஆறு ‘அவன்’ காணாமல் போனதைக் கவனியுங்கள். யாரும் அவற்றைத் தேட மாட்டார்கள்.

‘வேண்டும்’ நான்கு முறை வருகிறதே, ஒன்றிரண்டை மாற்றினால் நடை அழகாக இருக்காதா?

மாற்றாதீர்கள். கூறியது கூறல் குற்றம் என்று படித்து வளர்ந்தவர்கள் நாம். ஒரே சொல் திரும்ப வந்தால் கை துறுதுறுக்கும். ஆனால் புலம்பலில் கூறியதுதான் திரும்பக் கூறப்படும். அதே பத்தியில் செகாவ், கேட்கிறவன் பெருமூச்சு விட வேண்டும், அழுது புலம்ப வேண்டும் என்கிறார். அவர் போட்ட வினை, இழவு வீட்டில் பெண்கள் சொல்லி அழுவதற்கு ருஷ்யக் கிராமங்களில் வழங்கும் சொல். ‘ஒப்பாரி வைக்க வேண்டும்’ என்று தயங்காமல் போடலாம்.

திரும்ப வருவது ஆசிரியர் வைத்ததா, மொழிபெயர்ப்பில் தானாக விழுந்ததா என்று மட்டும் பாருங்கள். ‘அவன்’, ‘தன்னுடைய’, ‘ஒரு’ திரும்ப வந்தால் வெட்டுங்கள். மூலத்தில் திரும்ப வரும் சொல்லை மட்டும் காப்பாற்றுங்கள்.

உரையாடலை எந்த வட்டார வழக்கில் வைப்பது?

எந்த வட்டாரத்திலும் வேண்டாம். இயோனா நெல்லையிலோ கோவையிலோ பேசினால் வாசகர் பனியை விட்டு அங்கே போய்விடுவார். பேச்சுத் தமிழ் வேண்டும், ஊர் அடையாளம் வேண்டாம். ‘செத்துட்டான்’, ‘போயிட்டான்’, ‘யாருக்குத் தெரியும்’ போன்ற எல்லா ஊர்க் காதும் ஏற்கும் வடிவங்கள் போதும். தடுமாறிப் பேசும் இடத்தில் ‘அது வந்து...’ என்பது நன்றாக உட்காரும். அவன் வாயில் வரும் ருஷ்ய இழுவைச் சொல்லும் அந்த மாதிரி ஒன்றுதான்.

அதைவிட முக்கியம், யார் எந்தச் சொல்லைச் சொல்கிறார் என்பது. இயோனா மகனின் சாவைச் சொல்லும்போது பாமரர் வழக்கான ‘போமெர்’ என்கிறான். வண்டியில் ஏறிய ராணுவ அதிகாரி திருப்பிக் கேட்கும்போது ‘ஊமெர்’ என்கிறார். ஆங்கிலத்தில் இரண்டும் ‘டை’ என்ற ஒரே வினை ஆகிவிட்டது. தமிழில் பிரிவை மீட்கலாம்:

“எனக்கு, எசமான், அது வந்து... இந்த வாரம் மகன் செத்துட்டான்.”
“ம்... எதனால் இறந்தான்?”

ஒரே சொல்லின் வித்தியாசத்தில் இரண்டு பேருக்கும் நடுவில் இருக்கும் தூரம் தெரிந்துவிடுகிறது.

பிறகு வண்டியில் ஏறும் மூன்று இளைஞர்களில் கூனன் சொல்லும் பதிலைப் பாருங்கள். வந்த பிரதியில் “நாம் அனைவரும் இறந்துவிடுவோம்”. இதைத் தமிழில் படித்தால் வண்டி கவிழப்போகிறது என்று தோன்றும்! ‘விடுவோம்’ உடனடி ஆபத்தைச் சொல்கிறது. அவன் சொல்வது அக்கறையில்லாத பொதுத் தத்துவம்: “எல்லாரும் சாகத்தான் போறோம்... சரி ஓட்டு, ஓட்டு!”

குதிரையோடு பேசும் இடம் எப்படித் திருத்தினாலும் செயற்கையாகவே இருக்கிறது. ஏன்?

ஆங்கிலத்தின் செல்ல விளி அப்படியே வந்திருக்கும். கார்னெட் அங்கே ‘ஓல்டு கேர்ள்’ என்கிறார். தமிழில் ‘முதிய பெண்ணே’ என்று வந்து உட்கார்ந்திருக்கும். மூலத்தில் இயோனா பெண்குதிரையைத் தோழனைக் கூப்பிடுவதுபோல் ‘சகோதரா’ என்கிறான். தமிழில் ‘அப்படித்தாம்மா...’ என்று பேச்சோடு ஒட்டிவிட்டால் போதும், தனி விளி தேவையில்லை.

இன்னொன்று. அங்கே இயோனா செத்த மகனை ‘குஸ்மா இயோனிச்’ என்று தகப்பன் பெயரோடு சேர்த்துச் சொல்கிறான். பெரியவர்களை, மரியாதைப்பட்டவர்களை அப்படிச் சொல்வது ருஷ்ய வழக்கம். ஆங்கிலத்தில் அது வெறும் பெயர். தமிழில் ‘ஆர்’ விகுதி நம் கையில் இருக்கிறது:

“அப்படித்தாம்மா... குஸ்மா இயோனிச் இல்ல இப்போ... போய்ச் சேர்ந்துட்டார்... அநியாயமாச் செத்துட்டான்...”

முதலில் ‘சேர்ந்துட்டார்’, அடுத்த மூச்சில் ‘செத்துட்டான்’. மரியாதை உடைந்து தகப்பன் வெளியே வருகிறான். விகுதி மாறும் இந்த இடத்தை மூலத்தில் காட்ட முடியாது, இது தமிழ் சேர்ப்பது. ஆனால் மூலத்தில் இருக்கும் மரியாதையிலிருந்து பிறந்தது என்பதால் எனக்கு இது நியாயமாகப் படுகிறது. இப்படிப்பட்ட முடிவை மொழிபெயர்ப்பாளரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது.

கதை முழுக்க நிகழ்காலம். ‘கிறான், கிறான்’ என்று காது வலிக்கிறது. இறந்தகாலத்துக்கு மாற்றலாமா?

வேண்டாம். கண்ணெதிரே நடப்பது நிகழ்காலம், மகனின் சாவு இறந்தகாலம் என்று கதை பிரிந்து நிற்கிறது. எல்லாம் இறந்தகாலம் ஆகிவிட்டால் ‘செத்தான்’ என்பது மற்ற வினைகளோடு கலந்து கரைந்துவிடும். காது வலிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் ‘கொண்டிருக்கிறான்’தான். அதை ‘கிறான்’ ஆக்குங்கள், வினையில்லாத வாக்கியங்களை அப்படியே விடுங்கள், ‘இல்லை’, ‘வேண்டும்’, ‘தெரியாது’ என்று முடியும் வாக்கியங்களை மூலம் தரும் இடத்தில் எல்லாம் வாங்கிக்கொள்ளுங்கள். பாதி வலி போய்விடும்.

எங்கே நிறுத்துவது? மேலும் மேலும் திருத்தத் தோன்றுகிறதே?

வாக்கியம் மூலத்தைவிட அழகாகத் தெரியும் இடத்தில் நின்று பாருங்கள். மொழிபெயர்ப்பு வாடையைப் போக்குகிறேன் என்று கிளம்பி நல்ல நடை எழுதிவிடுவது இன்னொரு வகை அழிவு. இயோனாவின் துயரம் நெஞ்சை உடைத்து வெளியே கொட்டினால் உலகத்தையே முழுக்காட்டிவிடும், ஆனாலும் அது கண்ணுக்குத் தெரியவில்லை என்று ஓர் இடம். செகாவ் இந்தக் கதையில் குரலை உயர்த்தும் ஒருசில இடங்களில் ஒன்று அது. அங்கே ‘ஆழிப்பெருக்கு’, ‘சோகச் சுனாமி’ என்று திருத்துகிறவர் சேர்க்க ஆரம்பித்தால், ‘கண்ணுக்குத் தெரியவில்லை’ என்று சட்டென்று தாழும் இறக்கம் விழாது. அந்த இறக்கத்துக்காகத்தான் ஏற்றமே.

குதிரை ‘மெல்கிறது, கேட்கிறது, தன் எஜமானின் கைகளில் மூச்சு விடுகிறது...’ என்ற கடைசி வரிகளிலும் அப்படித்தான். மூன்று சாதாரண வினை. ‘பரிவோடு’ என்று ஒரு சொல்கூடச் சேர்க்காதீர்கள்.

அந்நியப் பொருள்களையும் தமிழாக்க வேண்டாம். மாஸ்கோவிலிருந்து முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகாவும் அனுப்பிய தமிழ் நூல்களில் சமோவாரும் கோபெக்கும் படித்து வளர்ந்த வாசகர்கள் இங்கே நிறைய உண்டு. ருஷ்யாவின் அந்நியம் இருக்கட்டும், நீக்க வேண்டியது ஆங்கில வாக்கிய அமைப்பின் அந்நியத்தை.

மொழிபெயர்ப்பாளர் கோபித்துக்கொண்டால்?

முதல் இரண்டு பக்கங்களை மட்டும் திருத்தி, மாற்றம் தெரியும்படி அனுப்புங்கள். ஒவ்வொரு பெரிய மாற்றத்துக்கும் பக்கத்தில் ஒரு வரி காரணம்: ‘மூலத்தில் எழுவாய் இல்லை’, ‘காட்சி வரிசை மாறுகிறது’. ‘நடை சரியில்லை’ என்று எழுதாதீர்கள், அதற்கு அவரால் பதில் சொல்ல முடியாது. அவர் ஒப்புக்கொண்ட முறையில் மீதியைச் செய்யுங்கள். அவர் விடாப்பிடியாக நிற்கும் இடத்தில் விட்டுக்கொடுங்கள், பெயர் அவருடையது.

அச்சுக்குப் போகும் முன் கடைசியாக எதைப் பார்க்க வேண்டும்?

மூன்று புள்ளிகளை. செகாவ் இந்தக் கதையில் அவற்றை ஏராளமாக வைத்திருக்கிறார், முக்கியமாக இயோனாவின் பேச்சில். ஒவ்வொன்றும் அவன் யாராவது கேட்பார்களா என்று காத்திருக்கும் இடம். மெய்ப்புப் பார்க்கிறவர் அவற்றைக் கவனக்குறைவு என்று நினைத்து முற்றுப்புள்ளியாக்கிவிடுவார். பக்க வடிவமைப்பில் எழுத்துரு மாறும்போதும் சில காணாமல் போகும். பிரதியோடு ஒரு குறிப்பு அனுப்பிவிடுங்கள்: நிறுத்தக்குறிகள் வேண்டுமென்றே வைத்தவை, பத்திகளைச் சேர்க்கவோ பிரிக்கவோ வேண்டாம், ‘மற்றும்’ எங்கும் சேர்க்க வேண்டாம். பிறகு வடிவமைத்த பக்கங்களை மூலத்தோடு வைத்து, பேச்சு வரும் பக்கங்களை மட்டுமாவது புள்ளி புள்ளியாகச் சரிபாருங்கள்.